குழாயில் நின்ற தண்ணீர்

"மணிய நிப்பாட்டுங்கன்னு சொல்றேன், காதுல விழ—"

"கையை எடு. நவமணி, கையை எடு மொதல்ல—"

"அங்க அவனுக்கு மூச்சு வாங்குது, இங்க நீங்க மணியடிச்சிக்கிட்டு—"

"எனக்கும் கண்ணு இருக்குலா. கையை எடு."

நவமணி கையை எடுக்கவில்லை. அவள் விரல்கள் பெட்டியின் முகப்பில் இருந்த சின்னத் திருகைப் பிடித்திருந்தன. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு முட்கள். கறுப்பு முள் தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று காட்டும். சிவப்பு முள், அதற்கு மேல் போகக் கூடாது என்று வைத்த எல்லை. கறுப்பு சிவப்பைத் தாண்டினால் மணி அடிக்கும். அதோடு ஒரு வால்வு தானே திரும்பி, வடிகட்டிய தண்ணீரை மிசின்களுக்குப் போகவிடாமல் சாக்கடைக்குத் தள்ளிவிடும். இன்று காலையில் பம்பைப் போட்டதிலிருந்து அதுதான் நடந்துகொண்டிருந்தது.

அவள் திருகைத் திருகினாள். சிவப்பு முள் மேலே ஏறிப் போய் ஒரு ஓரமாக நின்றது. மணி சட்டென்று அடங்கியது. பின்கட்டு முழுவதும் பம்பு ஓடுகிற சத்தம் மட்டும்.

"பாத்தீங்களா? நின்னுருச்சு. இப்ப தண்ணி உள்ளாற போவும். போயி அவனுக்கு ஊசியக் குத்தச் சொல்லுங்க."

சன்னாசி அவள் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினான். கல்யாணமான பதினேழு வருஷத்தில் அவளை அப்படிப் பிடித்ததில்லை. திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தான். மணி மறுபடி அலறியது.

"மணிய நிப்பாட்டுனா உப்பு போயிருமா, சொல்லு."

மலேசியாவின் ஈப்போவில் பழைய கடைவீட்டு வரிசையொன்றின் கீழ்த்தளத்தில் இருந்தது அந்த நிலையம். சங்கத்துக்காரர்கள் கூடி ஏற்படுத்தியது. முன்கூடத்தில் நாலு மிசின், நாலு சாய்வு நாற்காலி. சிறுநீரகம் போனவர்கள் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து, ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விட்டுக்கொண்டு போவார்கள். பின்னால் பழைய சமையல்கட்டில் தண்ணீர்ப் பிளான்ட். ஆள் உயரத் தொட்டிகள் மூன்று: மணல், கரி, உப்பு. பிறகு பெரிய பம்பு. அதன் பின்னே சுவரோரமாகப் படுத்திருக்கும் நீளமான வெள்ளைக் குழாய்கள். அவற்றுக்குள்தான் மெம்பிரேன் என்ற சவ்வுச் சுருள். பம்பு முழு அழுத்தத்தில் தள்ளும்போது தண்ணீர் அந்தச் சவ்வு வழியாகக் கசிந்து சுத்தமாகும், உப்பு மறுபக்கம் ஒதுங்கி வெளியேறும். சன்னாசி அந்தப் பிளான்டுக்கு ஆள். அவன் மச்சான், நவமணியின் தம்பி உடையப்பன், முன்கூடத்தில் மூன்றாம் நாற்காலிக்காரன்.

"போன வாரமே அவனுக்கு ஒரு நாளு தவறிப்போச்சு," என்றாள் நவமணி. மணிக்கு மேலே கத்த வேண்டியிருந்தது. "ஊருல தண்ணி இல்ல, லோரி வரல, திருப்பி அனுப்பிட்டீங்க. ஒரு வாரமா அவன் ஒடம்புல ஊறுனது பூரா அப்படியே நிக்குது. மொகத்தப் பாத்தீங்களா? கண்ணு திறக்க முடியல அவனுக்கு."

"பாத்தேன்."

"பாத்துட்டுத்தான் இந்த முள்ளு, அந்த முள்ளுன்னு—"

"நவமணி, கேளு. நாம குடிச்சா அது வயித்துக்குப் போவுது. அங்க அப்படி இல்ல. ரத்தம் இந்தப் பக்கம், தண்ணி அந்தப் பக்கம், நடுவுல ஒரு தாளு. இந்தத் தண்ணியில சுண்ணாம்பு வருது. விட்டா நேரா அவன் ரத்தத்துல ஏறும். ஒரு மணி நேரத்துல வாந்தி எடுப்பான், பிரஷர் ஏறும், மண்ட பொளக்கும். அவன் இருக்கிற இருப்புக்கு அது தாங்காது."

"இப்ப மட்டும் தாங்குதாக்கும்?"

அவன் பம்பை நிறுத்தினான். மணியும் நின்றது.

அந்த வருஷம் வெயில் நீண்டுவிட்டது. குழாய்த் தண்ணீர் ஒரு நாள் வரும், இரண்டு நாள் வராது. சங்கத்தார் சிம்பாங் பூலாய்ப் பக்கம் சுண்ணாம்புமலை அடிவாரத்திலிருந்து லோரியில் தண்ணீர் கொண்டுவந்து தொட்டியில் கொட்டினார்கள். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், குடித்தால் தித்திக்கும். ஆனால் உள்ளே கரைந்த சுண்ணாம்பு. சுண்ணாம்பைப் பிடித்து நிறுத்தும் உப்புத் தொட்டி ஊர்த் தண்ணீருக்குக் கணக்குப் பண்ணி வைத்தது. இந்தத் தண்ணீருக்குப் பாதியிலேயே களைத்துப்போகும். சன்னாசி மூட்டை மூட்டையாக உப்பு கொட்டிப் பார்த்தான். கொஞ்சம் சுண்ணாம்பு எப்படியும் தப்பித்துப் போய்ச் சவ்வில் உட்கார்ந்தது.

இன்று காலை அது முற்றிவிட்டது. பம்பைப் போட்டதும் அழுத்தமுள் ஏறிக்கொண்டே போயிற்று. அடைத்துக்கொண்ட குழாயில் தண்ணீருக்குப் போக வழி இல்லை. எல்லையைத் தொட்டதும் காவல் சுவிச்சு 'டக்'கென்று பம்பை அணைத்தது. அந்தச் சுவிச்சு இல்லாவிட்டால் குழாய் வெடிக்கும் அல்லது சவ்வு கிழியும். சன்னாசி கையால் அழுத்தி மறுபடி உயிர்கொடுத்தான். மறுபடி அணைந்தது. மூன்றாம் தடவை கழிவுநீர் வால்வைத் தாராளமாகத் திறந்துவிட்டு ஓட்டினான். அழுத்தம் இறங்கியது, பம்பு அணையாமல் ஓடியது. ஆனால் அழுத்தம் குறைந்ததும் நல்ல தண்ணீர் நூல் போல ஒழுகியது. அந்த நூலிலும் உப்பு. கறுப்பு முள் சிவப்பைத் தாண்டியது.

நர்ஸ் சக்கீனா வாசலில் வந்து நின்றாள். "அண்ணே, டாக்டர்கிட்ட போன்ல பேசிட்டேன். காத்திருக்க வேணாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்திடுங்கன்றாரு."

"ஏத்துங்க," என்றான் சன்னாசி.

"ஏத்த வேணாம்," என்றாள் நவமணி. "போன தடவ வயித்து வழியா கழுவுறோம்னு ஓட்டையப் போட்டுக் கொழாயச் சொருகுனாங்க. பதினோரு நாளு காச்சல். மிசினு அங்க காலியா இருக்காது சக்கீனா, உனக்கே தெரியும். ஓட்டைதான் போடுவாங்க. அவன் போவ மாட்டான்."

"அக்கா, இங்க இருந்தா என்ன பண்றது? தண்ணியே இல்லையே."

"இருக்கு. இதோ நிக்கிறாரு பாரு, அவரு மனசு வச்சா இருக்கு."

முன்கூடத்திலிருந்து உடையப்பனின் குரல் வந்தது. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு.

"மச்சான்... என்னா சண்ட அங்க."

சன்னாசி கையைத் துடைத்துக்கொண்டு போனான். நவமணியும் பின்னால் போனாள். நாற்காலியில் படுக்க முடியாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான் உடையப்பன். இருபத்தொன்பது வயது. கன்னம் ஊதி, கால் பாதம் ஊதி, செருப்பு நுழையாமல் வெறுங்காலோடு வந்திருந்தான். அம்மா போனபோது அவனுக்கு மூன்று வயது. நவமணி ரப்பர்த் தோட்டத்துப் பால்மரக் காட்டுக்குப் போகும்போது அவனையும் தூக்கிக்கொண்டு போய், நிரையின் கடைசி மரத்தில் சீலைத் தொட்டில் கட்டிப் போட்டுவிட்டுப் பாலெடுக்க மரம் சீவியவள். ஊருக்குத்தான் அவன் தம்பி, அவளுக்கு அவள் வளர்த்த பிள்ளை.

"மச்சான்," என்றான். "அடச்சிக்கிச்சா?"

"ஆமாடா. சுண்ணாம்பு."

உடையப்பன் சிரிக்கப் பார்த்தான். "பத்து வருசம்... லோரியில சுண்ணாம்புக்கல்லு ஏத்துனேன். கூலி குடுக்க... பைப்புக்குள்ளயே வந்திருச்சு பாரு."

"பேசாத. மூச்சு வாங்குது."

"ஓட்டிப் பாருங்களேன் மச்சான். அரை மணி நேரம். அக்கா சொல்லுதுலா."

சன்னாசி அவன் முன்னால் குந்தி உட்கார்ந்தான். "உடையா, ஒன்னையத் தவுத்து வேற யாரு கேட்டாலும் முடியாதும்பேன். நீ கேட்டாலும் முடியாதுங்கிறேன். ஆசிட்டு போட்டுக் கழுவப் போறேன். உள்ள இருக்கிற சுண்ணாம்பு கரையும். சாயங்காலத்துக்குள்ள நல்ல தண்ணி வந்திரும். அதுவரைக்கும் நீ ஆஸ்பத்திரில இரு. ஆக்சிஜன் வைப்பாங்க, ஊசி போடுவாங்க. தண்ணி வந்ததும் நானே வந்து தூக்கிட்டு வாரேன்."

"சத்தியமா?"

"சத்தியமாலா."

உடையப்பன் அக்காவைப் பார்த்தான். "போலாங்கா," என்றான்.

அவள் கணவனைப் பார்த்தாள். "அவனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா—" என்றாள்.

சங்கத்துத் தலைவர் லியாகத் அலிக்குத் தெருவைத் தாண்டிச் சந்தைக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை. கடை முதலாளி என்பதால் அவர்களுக்கு அவர் 'தவுக்கே'. சக்கீனா போன் பண்ணியதும் கல்லாவில் வேறு ஆளை உட்காரவைத்துவிட்டுத் தன் மோட்டார் காடியை எடுத்துக்கொண்டு வந்தார். பின்சீட்டில் உடையப்பனைச் சாய்த்து நவமணி பிடித்துக்கொண்டாள். காடி கிளம்பும்போது அவள் திரும்பிப் பார்த்தாள். சன்னாசி வாசலில் நிற்கவில்லை. அதற்குள் உள்ளே போய்விட்டிருந்தான்.

"மாப்பிள்ள நல்ல மனுசன்மா," என்றார் லியாகத் அலி, சாலையைப் பார்த்தபடி.

"ஆமா தவுக்கே. எல்லாருக்கும் நல்ல மனுசன்."

தம்பியின் தலை அவள் தோளில் கனத்தது. அந்தக் கனம் அவளுக்குப் பழக்கம். வாரத்தில் இரண்டு சாயங்காலம் இப்படித்தான். புதிதாகச் சேர்ந்தவன் என்பதால் அவனுக்குக் கடைசி முறை; இன்று மூச்சு வாங்கியதால்தான் காலையிலேயே கொண்டுவந்திருந்தாள். மிசினை விட்டு இறங்கியதும் காலெல்லாம் இழுத்துக்கொள்ளும், கண் இருட்டும், நடக்க முடியாது. சிம்பாங் பூலாய்க்குக் கடைசி பஸ் அந்த நேரத்துக்குத்தான். அவள் ஒருத்தியால் அவனைத் தாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போக முடியாது. சன்னாசி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். முன்கூடத்தில் அவள் கைப்பையோடு நின்று கூப்பிடுவாள்:

"ஏங்க, இன்னும் என்னா பண்றீங்க அங்க? பஸ்ஸு போயிரும்."

"நிப்பாட்டுற பட்டன அமுக்கிட்டேன். குழாய் கழுவுது. கால் மணி நேரம் கழுவிட்டுத் தானா நின்னுக்கும்."

"தானா நிக்கும்னா விட்டுட்டு வாங்களேன்."

"ஆளில்லாம ஓட விடக் கூடாதுன்னு தவுக்கே சொல்லியிருக்காருலா. அன்னிக்கி வால்வு சிக்கிக்கிட்டுப் பக்கத்து ஜவுளிக்கட பூரா தண்ணி போச்சே."

"கால் மணி நேரம் நிக்க இவனால ஆவுமா? பாருங்க, தலை தொங்குது. நாளைக்கிக் காலையில வந்து கழுவிக்கக் கூடாதா? தண்ணிக்குள்ளதான இருக்கு, என்னா கெட்டுப்போவப் போவுது?"

ஒரு நிமிஷம் உள்ளே பம்பு மட்டும் ஓடும். பிறகு பெரிய சுவிச்சு கீழே விழுகிற சத்தம். எல்லாம் ஒரேயடியாக அடங்கும். சன்னாசி விளக்கை அணைத்துவிட்டு வந்து உடையப்பனின் கையைத் தன் கழுத்தில் போட்டுக்கொள்வான். "ஏறுடா குதிரையில," என்பான். சில நாள் உண்மையாகவே முதுகில் ஏற்றிக்கொண்டு போவான். பஸ் டிரைவர் பார்த்துச் சிரிப்பான். அப்படித் தூக்கிப் போன மனுஷனா இன்று ஒரு முள்ளைக் காட்டி முடியாது என்று சொன்னான் என்று நினைத்தபடி நவமணி தம்பியின் தலையைத் தோளில் ஏந்திப் பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். நெஞ்சில் கம்பி ஒட்டி, தாளில் கோடு ஓடவிட்டு, இளம் டாக்டர் அதைப் பார்த்து உதட்டைக் கடித்தார். கையில் ஊசி, அடுத்து இன்னொன்று. மிசின் காலியில்லை, வயிற்றில்தான் குழாய் வைக்க வேண்டும், அதற்கான ஆள் வருகிறார் என்றார். நவமணி தலையை ஆட்டினாள். இனி எதற்கும் வேண்டாம் என்று சொல்லும் தெம்பு அவளிடம் இல்லை.

"அக்கா."

"இங்கதான்டா இருக்கேன்."

"மச்சான வையாத."

"நான் ஒன்னும் வையல."

"வைவ. எனக்குத் தெரியும்லா." மூச்சை இழுத்துக்கொண்டான். "தண்ணி தாகமா இருக்குக்கா."

அவனுக்கு நாளுக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று கணக்கு. பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். அவன் அதைக் குழந்தை மாதிரி உறிஞ்சினான். பஞ்சை எடுத்து மறுபடி நனைக்கத் திரும்பியவள், பின்னால் அவன் நெஞ்சுத் துடிப்பைக் காட்டிய பெட்டியின் சத்தம் மாறியதைக் கேட்டாள். விட்டுவிட்டு வந்த ஓசை, ஒரே நீட்டாக வந்தது. ஆட்கள் ஓடி வந்தார்கள். திரையை இழுத்துவிட்டு அவளை வெளியே நிறுத்தினார்கள்.

திரையை அவர்கள் மறுபடி திறந்தபோது வார்டில் விளக்குப் போட்டிருந்தது.

அவள் கட்டிலோரம் உட்கார்ந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஊதின பாதத்தில் அவள் விரல் பதிந்த இடம் குழியாகவே இருந்தது, மேலே எழும்பவில்லை. அப்போது வார்டு நர்ஸ் வந்து தோளைத் தொட்டாள். "அம்மா, உங்களுக்குப் போன் வந்திருக்கு."

"நவமணியா?" சன்னாசியின் குரல் உரக்க வந்தது. பம்புச் சத்தம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. "தண்ணி வந்திருச்சு. ஆசிட்டுல கரைஞ்சிருச்சு, அலசி விட்டுட்டேன். முள்ளு எறங்கிருச்சு நவமணி, சிவப்புக்கு எவ்வளவோ கீழ நிக்கிது. அழுத்தமும் சரியா நிக்கிது. சக்கீனா மிசினத் தயாரா வச்சிருக்கு. டாக்டர்கிட்ட சொல்லிரு, நான் இப்பவே வாரேன், தூக்கிட்டு வந்திரலாம். அவன்கிட்ட சொல்லு, மச்சான் சொன்ன மாரியே—"

அவன் பேசிக்கொண்டே போனான். நவமணி கேட்டுக்கொண்டே நின்றாள்.

"நவமணி? கேக்குதா?"

"கேக்குது," என்றாள். "அந்தத் தண்ணிய சாக்கடையில விடுங்க."

அவள் போனை வைக்கவில்லை. மேசை மேல் வைத்துவிட்டுக் கட்டிலுக்குத் திரும்பிப் போனாள். போன் அங்கேயே கிடந்து அவள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

வீட்டில் சாவு எடுத்தார்கள். சன்னாசிதான் முன்னால் நின்று எல்லாம் செய்தான். பாடையில் தலைமாட்டுப் பக்கம் தோள் கொடுத்தான். நவமணி அழும்போது அழுகையோடு வார்த்தையும் வந்தது. வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

"தண்ணி இருந்துச்சே... குடுக்க மாட்டேன்னாரே... ஒரு முள்ளுக்குப் பயந்து எந்தம்பிய அனுப்புனாரே..."

கருமாதியன்று பந்தி போட்டிருக்கும்போது மறுபடி சொன்னாள், அழுகை இல்லாமல், எல்லோர் முன்னிலும். சன்னாசி ரசவாளியோடு குனிந்திருந்தான். பிறகு அடுத்த இலைக்கு ஊற்றினான்.

கோப்பெங்கிலிருந்து வந்திருந்த சொந்தக்காரி இருளாயி அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். "ஏன்டி, அந்த மனுசன் ஒரு வார்த்த திருப்பிச் சொன்னாரா? நீ பாட்டுக்கு அடிச்சிக்கிட்டே இருக்க."

"திருப்பிச் சொல்ல வாயி இருந்தாத்தான."

"எனக்கென்னமோ அப்படித் தெரியல."

"உனக்கு என்னா தெரியுது?"

"ஒன்னும் தெரியல. மொகத்தப் பாத்தா பயமா இருக்கு."

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு தேவைக்கு மட்டும். சன்னாசி முன்பைவிட நேரம் கழித்து வந்தான். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு யாருடைய மோட்டார் சைக்கிளிலாவது வருவான். சில நாள் நடந்தே வருவான். வீட்டுக்கு வரப் பிடிக்கவில்லை என்று நவமணி நினைத்தாள். அவளுக்கும் அது சௌகரியமாகவே இருந்தது. சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வாள்.

ஒரு நாள் சக்கீனா ஆள் சொல்லி அனுப்பினாள். உடையப்பனின் போர்வையும் மங்குக் குவளையும் நிலையத்திலேயே இருக்கின்றன, வந்து எடுத்துப் போகும்படி. நவமணி போனபோது முன்கூடத்தில் யாரும் இல்லை. அன்று மிசின்களுக்கு ஓய்வு. பின்கட்டில் பேச்சுக் குரல் கேட்டது. பிளான்டை வைத்துக்கொடுத்த கம்பெனியிலிருந்து மெக்கானிக் ஜஹாங்கீர் வந்திருந்தான். லியாகத் அலி சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு நின்றார். வெள்ளைக் குழாயின் வாய் திறந்து கிடந்தது. உள்ளிருந்து உருவிய சுருள் தரையில் சாக்கின் மேல்.

"தூக்கிப் பாருங்க பாய்," என்றான் ஜஹாங்கீர். "புதுசு ஒரு கையில தூக்கலாம். இது?"

லியாகத் அலி தூக்கப் பார்த்து விட்டுவிட்டார். "கல்லு மாரி இருக்கே."

"கல்லுதான். இந்தா, நகத்தால சொரண்டுங்க, வருதா? அண்ணன் ஆசிட்டு போட்டதுல பாதி கரைஞ்சிருச்சு, இது மிச்சம். கடைசிக் குழாயிலதான் உப்பு நெறைய சேரும். பம்பு ஓடுற வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போயிரும். நிப்பாட்டுறப்ப அந்த உப்புத் தண்ணிய கழுவி வெளியே தள்ளிடணும். அதுக்குத்தான அந்தக் கால் மணி நேரம் வச்சிருக்கு. கழுவாம விட்டா ராத்திரி பூரா அங்கயே நின்னு, சுண்ணாம்பு எறங்கி, இப்படி எறுகிரும்."

"மலைத்தண்ணினால வந்ததுன்னு சொன்னாங்களே."

"மலைத்தண்ணியும்தான். ஆனா கழுவிக்கிட்டு வந்திருந்தா தாங்கியிருக்கும் பாய். இந்தளவுக்கு வந்திருக்காது. அண்ணே, நீங்களே சொல்லுங்க, நிப்பாட்டுறப்ப கழுவ விட்டீங்களா?"

சன்னாசி புதுச் சுருளின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையைக் கிழித்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"பல நாளு விடல. பெரிய சுவிச்ச அணச்சிட்டுப் போயிட்டேன்."

"தெரியாமலா?"

"தெரிஞ்சுதான்."

லியாகத் அலி அவனையே பார்த்தார். "தெரிஞ்சு ஏம்ப்பா?"

"சோம்பேறித்தனம் தவுக்கே."

"சோம்பேறித்தனமா? நீயா?"

"ஆமா. வேற என்னா."

லியாகத் அலியின் முகம் சிவந்தது. "சன்னாசி, அந்தப் பையன் ஒன்னோட மச்சான்யா. உன் சோம்பேறித்தனத்துக்கு—" சாக்கில் கிடந்த சுருளைக் கைகாட்டினார். "இத கமிட்டியில சொல்லாம இருக்க முடியாது என்னால. உன்னைய வச்சிருக்கவும் முடியாது."

"சொல்லுங்க தவுக்கே. சரிதான் அது. இத மாட்டிக் குடுத்திட்டுப் போயிர்றேன்."

நவமணி வாசல்காலைப் பிடித்துக்கொண்டாள். தரையில் கிடந்த அந்தக் கல்லைப் பார்த்தாள். சுருளின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. இரவு இரவாக அது வளர்ந்த நேரமெல்லாம் அவள் பஸ்ஸில் தம்பியை மடியில் சாய்த்துக்கொண்டு, நேரத்துக்கு வந்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தாள். நாளைக்குக் கழுவினால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்டது அவள் வாய். கேட்ட ஒவ்வொரு சாயங்காலமும் உள்ளே அந்த ஒரு நிமிஷம், அவன் கையைச் சுவிச்சின் மேல் வைத்துக்கொண்டு நின்ற நிமிஷம். அவனுக்குத் தெரிந்திருந்தது. அடைப்பு எதனால் என்று மணி அடித்த அன்று காலையிலேயே தெரிந்திருந்தது. அவள் கத்தியபோதும், ஒப்பாரியில் இழுத்தபோதும், பந்தியில் சொன்னபோதும், அவன் நாக்கு நுனியில் அந்தப் பதில் இருந்தது.

"பொய்யி," என்றாள்.

மூவரும் திரும்பினார்கள்.

"அவரு சொல்றது பொய்யி தவுக்கே. சோம்பேறித்தனம் இல்ல. நான்தான் பஸ்ஸு போயிரும்னு—"

"நவமணி, நீ போ," என்றான் சன்னாசி.

"நான்தான் ஒவ்வொரு தடவையும் வாசல்ல நின்னு கத்துவேன். எந்தம்பியால நிக்க முடியலன்னு. கழுவுறத நாளைக்கிப் பாத்துக்கலாம்னு நான்தான் சொன்னேன். ஆளில்லாம ஓட விடக் கூடாதுன்னு நீங்க சொல்லியிருந்தீங்க. அவரு என்னா பண்ணுவாரு? அவனத் தூக்குவாரா, மிசினப் பாப்பாரா?"

லியாகத் அலி அவள் பக்கம் திரும்பினார். "ஜவுளிக்கடைக்காரன் சண்டைக்கு வந்தான்னு நான்... ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் காடிய அனுப்பியிருப்பேனேம்மா. தெருவத் தாண்டித்தான இருக்கேன்."

யாருக்கும் அது தோன்றவில்லை. அவரிடம் போய் அப்படிக் கேட்கலாம் என்று அவர்கள் இருவருக்கும் ஒரு நாளும் தோன்றவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன அன்றுதான் அந்தக் காடியில் நவமணியும் தம்பியும் முதல் தடவை ஏறினார்கள்.

அவர் ஜஹாங்கீரின் தோளைத் தொட்டார். "வாப்பா, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வரலாம்." போகும்போது வாசலில் நின்று தலைக்குல்லாவைக் கழற்றி, மறுபடி வைத்துக்கொண்டு போனார்.

சன்னாசி புதுச் சுருளைக் குழாய்க்குள் செலுத்தினான். மூடியை வைத்துப் போல்ட்டு ஒவ்வொன்றாக முடுக்கினான். கழிவு வால்வை முழுக்கத் திறந்துவிட்டுப் பம்பைப் போட்டான். அழுத்தமில்லாமல் தண்ணீர் வேகமாக ஓடி, சவ்வில் பூசி வந்த மருந்தையெல்லாம் அலசிச் சாக்கடையில் கொட்டியது. அவன் அதன் பக்கத்திலேயே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான். நவமணி கையில் தம்பியின் போர்வையோடு அவனுக்கு எதிரே போய் நின்றாள். அவன் கண்கள் கறுப்பு முள்ளின் மேலேயே இருந்தன. அது மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

"நான் அவ்வளவு பேசுனேன்," என்றாள். "அத்தன பேரு முன்னால பேசுனேன். உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

அவன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க. என்னையப் பாருங்க. ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த என்னையத் திட்டுங்களேன்."